தலை மேலே, பிட்டம் கீழே: 36ஆவது வாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி

படுவான்கரைக் கிராமமொன்றில், இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் தாயொருவரை நினைத்துக்கொள்வோம். 36ஆவது வாரம். வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவமாதுவின் கைக்கு, விலா எலும்புக்குக் கீழே உருண்டையாகவும் கடினமாகவும் ஒன்று தட்டுப்படுகிறது. அது தலை. உதையெல்லாம் அடிவயிற்றில்தான் என்கிறார் தாய். ஸ்கானும் அதையே காட்டுகிறது.

28ஆவது வாரத்தில் நான்கைந்து குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் இருக்கும். பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று, நான்குதான் மிஞ்சும். கருப்பையின் அமைப்பு, அதிலுள்ள கட்டி, கீழே இறங்கிய நச்சுக்கொடி, பன்னீர் கூடுதலாகவோ குறைவாகவோ இருத்தல் ஆகியவை காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்தது என்று மாமியார் சொன்னால், அதை நம்பத் தேவையில்லை.

இந்தத் தாய் கிளினிக்கில் கேட்க வேண்டியது, "பிள்ளையை வெளியிலிருந்து திருப்பிப் பார்க்கலாமா?" என்பதுதான். முதற்பிள்ளை என்றால் 36ஆவது வாரத்திலிருந்தும், மற்றவர்களுக்கு 37ஆவது வாரத்திலிருந்தும் வைத்தியசாலையில் இதைச் செய்வார்கள். முதலில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்வார்கள். கருப்பையைத் தளர்த்த ஊசி போடுவதும் உண்டு. பின்னர் வைத்தியர் இரு கைகளாலும் பிட்டத்தை மேலே உயர்த்தி, குட்டிக்கரணம் போடவைப்பதுபோல் மெதுவாகத் திருப்புவார். சில நிமிட வேலை. வலி தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சரிவரும். முன்பே பிள்ளை பெற்றவருக்கு வாய்ப்புக் கூட. இருநூறில் ஒருவருக்கு உடனே சிசேரியன் தேவைப்படலாம். வீட்டில் எண்ணெய் பூசி உருவித் திருப்ப விடக்கூடாது என்பது இதனாலேதான். நச்சுக்கொடி வாயை மறைத்திருந்தாலோ, அண்மையில் இரத்தம் போயிருந்தாலோ திருப்ப மாட்டார்கள். இரத்தவகை நெகடிவ் என்றால் அதற்கான ஊசியும் போடவேண்டும்.

திரும்பவில்லையா? வழமையாக 39ஆவது வாரமளவில் சிசேரியனுக்குத் திகதி குறிப்பார்கள். 2000ஆம் ஆண்டில் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று, பிட்டப் பிரசவத்தைவிடத் திட்டமிட்ட சிசேரியன் குழந்தைக்குப் பாதுகாப்பானது என்று கண்டதிலிருந்து உலகெங்கும் இதுவே வழக்கமாயிற்று. ஆனால் வயிற்றில் தழும்பிருந்தால் அடுத்த பிரசவத்திலும் கவனம் வேண்டும். பிட்டமாகவே சுகப்பிரசவம் பார்ப்பது முற்றாகக் கைவிடப்படவில்லை. ஆயினும் கைதேர்ந்தவரும், உடனே திறக்கக்கூடிய சத்திரசிகிச்சைக்கூடமும் அருகில் இருக்கவேண்டும். உடல் வந்தபின் தலை சிக்கிக்கொள்வதே அங்குள்ள பயம். கால் முன்னே வரும் பிள்ளைக்கு அந்த வழி பொருந்தாது.

வாவிக்கு அப்பால் இருப்பவருக்குத் தூரம் ஒரு தனிப் பிரச்சினை. யுத்த காலத்தில் ஓடத்தையும் சோதனைச்சாவடியையும் தாண்டவேண்டியிருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வழி சுருங்கியது. ஆனால் இரவில் வாகனம் கிடைப்பது இன்னமும் எல்லோருக்கும் இலகுவல்ல. திகதிக்கு முன்பே பன்னீர்க்குடம் உடைந்தால், வலி வரும்வரை காத்திராமல் புறப்படவேண்டும். கீழே தலை அடைத்திராததால் தொப்புள்கொடி நழுவி வரலாம். கொடி வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளாதீர்கள். தாய் முழங்காலிலும் நெஞ்சிலும் ஊன்றி, பிட்டத்தை உயர்த்தியபடி இருக்கவேண்டும். வாகனத்தில் இடதுபக்கம் சரிந்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைக்கலாம். 1990க்கு அழைத்து, "கொடி வெளியே வந்துவிட்டது" என்று முதலிலேயே சொல்லுங்கள்.