பாடத்துக்கு ஒரு சொல்லடைவு

வட்டகொடையில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி, சனிக்கிழமை உயிரியல் வகுப்புக்குத் தலவாக்கலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேர வகுப்பு. சேர் சொல்வதில் பாதியைத்தான் கொப்பியில் எழுத முடியும். மீதி போனில் பதிவாகிறது. தொல்லை தொடங்குவது பரீட்சை நெருங்கும்போது. கல்வின் வட்டத்தைப் பற்றிச் சேர் கொடுத்த அந்த ஒரு விளக்கம் எந்தப் பதிவில், எத்தனையாவது நிமிடத்தில் இருக்கிறது? முப்பது வகுப்பென்றால் தொண்ணூறு மணி நேர ஒலி. அதை உருட்டி உருட்டிக் கேட்பதற்குப் புத்தகத்தையே மறுபடி படித்துவிடலாம்.

பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன. ஆங்கிலத்துக்கு இவை ஏறக்குறைய குறிப்புக் கொப்பி போலவே பயன்படும். தமிழுக்கு, அதிலும் இலங்கைப் பாடத்திட்டத் தமிழுக்கு, இன்றைய நிலையில் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டியது வேறு. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு இருக்குமே, அந்த வேலையை இவை நன்றாகச் செய்யும். எழுத்தில் சொல்லைத் தேடி, நிமிடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒலியைக் கேட்க வேண்டும். அப்படியென்றால் ஒலியும் கையில் இருந்தாக வேண்டும்.

செயலியைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது அதுதான். கூகுள் 2017இல் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. 2019இல் Live Transcribe வந்தது. காது கேளாதவர்களுக்காக உருவான அந்தச் செயலி, எதிரே இருப்பவர் பேசப் பேசத் திரையில் எழுத்தைக் காட்டும். இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் உண்டு. ஆனால் இரண்டுமே ஒலியைச் சேமித்துத் தருவதில்லை. திரையில் பிழையாக விழுந்த சொல்லைச் சரிபார்க்க வழியில்லாமல் போய்விடும். தமிழுக்குப் பெரும்பாலும் இணையமும் தேவை. மலை மறைத்து சிக்னல் போனால் எழுத்தும் நின்றுவிடும். Otter போன்ற விரிவுரைச் செயலிகள் ஆங்கிலத்தையும் வேறு சில மொழிகளையும் கேட்கும், தமிழைக் கேட்காது. ஆகவே வகுப்பில் சாதாரண ஒலிப்பதிவுச் செயலியால் பதிவு செய்துகொண்டு, வீட்டுக்கு வந்தபின் எழுத்தாக்குவதே சரியான வழி.

எழுத்தாக்கலின் தலைவிதி பதிவு செய்யும்போதே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. பேசுபவருக்கும் போனுக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால், திறந்த வெளியில் குரல் 6 டெசிபெல் குறையும். ஒரு மீற்றரில் இருந்து நான்கு மீற்றருக்குப் போனால் 12 டெசிபெல். வகுப்பறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியால் அவ்வளவு குறையாது என்றாலும், அந்த எதிரொலியே சொற்களை மங்கச் செய்யும். குரல் குறைந்தாலும் மழை குறைவதில்லை. தகரக் கூரையில் அடைமழை பெய்யும்போது மூன்றாம் வாங்கில் இருக்கும் போனுக்குக் கிடைப்பது மழைதான். சேரிடம் கேட்டு, போனை அவருடைய மேசையிலேயே வைத்துவிடுவது எந்த விலையுயர்ந்த செயலியையும்விடப் பெரிய மாற்றத்தைத் தரும். வெறும் மேசையில் வைக்காமல் கைக்குட்டையை மடித்து அதன்மேல் வைத்தால், மேசையில் புத்தகம் விழும் அதிர்வு அவ்வளவாகப் பதிவாகாது. அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும் என்பதால் விமானப் பயன்முறையில் போட்டுவிடுவது நல்லது. அனுமதி கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. வகுப்பு சேருடைய உழைப்பு. பதிவைப் பிறருக்கு அனுப்பக்கூடாது என்று அவர் சொன்னால் அனுப்பக்கூடாது.

கோப்பின் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எழுத்தாக்கும் மாதிரிகள் ஒலியை நொடிக்கு 16,000 மாதிரிப்புள்ளிகள் என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. ஒற்றை அலைவரிசையில், நொடிக்கு 64 கிலோபிட் அளவில், M4A வடிவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரம் சுமார் 29 மெகாபைட்தான். ரீலோட் போட்ட டேட்டாவிலும் அதை அனுப்பிவிடலாம். பழைய போன்கள் பயன்படுத்தும் AMR வடிவத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். அது தொலைபேசிப் பேச்சுக்கானது. உயர்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடுவதால் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பும்.

இனி எழுத்தாக்கல். OpenAI நிறுவனம் 2022 செப்டெம்பரில் Whisper என்ற மாதிரியை எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. இணையத்தில் இருந்து திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியில் அது பயிற்றுவிக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழ், சிங்களம் உட்பட ஏனைய மொழிகள் மீதியைப் பங்கிட்டுக்கொண்டன. மாதிரி பல அளவுகளில் கிடைக்கிறது. தெளிவான ஆங்கில விரிவுரைக்கு small போதும். தமிழுக்கு medium அல்லது large இல்லாமல் வேலை நடக்காது. medium கோப்பே சுமார் 1.5 கிகாபைட் வரும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் வேண்டாம். சாதாரண மடிகணினியில் ஒரு மணி நேரப் பாடத்தை எழுத்தாக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகலாம். இரவு ஓடவிட்டுப் படுத்துவிடலாம்.

இது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தால், எங்கே தவறும் என்பதும் விளங்கிவிடும். ஒலியை 30 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு கணத்திலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்ற படமாக மாற்றுகிறது. அந்தப் படத்தையும், தான் இதுவரை எழுதிய சொற்களையும் சேர்த்துப் பார்த்து, அடுத்து வரக்கூடியதை ஊகிக்கிறது. அதாவது பாதி காதால் கேட்கிறது, பாதி பழக்கத்தால் எழுதுகிறது. பழக்கம் இல்லாத சொல் வந்தால், அதைப் போல ஒலிக்கும் பழகிய சொல்லை எழுதிவிடும்.

இலங்கை மாணவருக்கு இடி விழுவது இங்கேதான். இணையத்தில் உள்ள தமிழ்ப் பேச்சில் பெரும்பாலானது தமிழ்நாட்டினுடையது. அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. பொதுப் பேச்சு ஓரளவு சரியாக விழும். பரீட்சைக்கு வேண்டிய கலைச்சொற்களே உடையும். ‘ஒளித்தொகுப்பு’ ‘ஒளி தொகுப்பு’ என்று பிரியும். ‘கல்வின் வட்டம்’ ‘கல்வி வட்டம்’ என்று விழக்கூடும்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. பாடத்தில் வரப்போகும் சொற்களை முன்கூட்டியே மாதிரிக்குச் சொல்லிக்கொடுக்கலாம்:

```
whisper paadam.m4a --language ta --model medium --output_format srt --initial_prompt "ஒளித்தொகுப்பு, பச்சையவுருமணி, காபனீரொட்சைட்டு, கல்வின் வட்டம், இலைவாய்"
```

இதில் `--language ta` கட்டாயம். அதை விட்டுவிட்டால் முதல் 30 நொடியைக் கேட்டு மாதிரியே மொழியைத் தீர்மானிக்கும். சேர் ஆங்கிலத்தில் ‘குட் மோர்னிங்’ சொல்லித் தொடங்கினால் முழுப் பாடமும் கெட்டுவிடலாம். `--initial_prompt` பகுதிக்கு 224 துண்டுகள் என்ற எல்லை இருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல்லே பல துண்டுகளாக உடைவதால் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் கொடுப்பதில் பயனில்லை. அதன் செல்வாக்கும் பாடம் போகப் போகக் குறையும். நீண்ட பாடத்தைத் தலைப்பு மாறும் இடத்தில் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் உரிய சொற்களைக் கொடுப்பது நல்லது.

கிடைக்கும் SRT கோப்பு இப்படி இருக்கும்:

```
412
00:37:18,000 --> 00:37:24,000
கல்வி வட்டத்தில காபன் எங்க போகுது
```

இப்போது தேடல். ‘கல்வின் வட்டம்’ என்று முழுதாகத் தட்டினால் இந்த வரி அகப்படாது. முதற்சொல் பிழையாக விழுந்திருக்கிறது. இரண்டாவது சொல்லும் ‘வட்டத்தில’ என்று உருமாறிவிட்டது. தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் கடைசி எழுத்து மாறும். ‘இலைவாய்’ ‘இலைவாயில்’ ஆகும், ‘ஒளித்தொகுப்பு’ ‘ஒளித்தொகுப்பின்’ ஆகும். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் இவை அதற்கு வேறு வேறு. ஆகவே கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேட வேண்டும்: ‘இலைவா’, ‘வட்ட’. கூட்டுச்சொல் என்றால் பின்பாதியை மட்டும் எடுத்து ‘தொகுப்’ என்று தட்டினால், சேர்த்து எழுதியது, பிரித்து எழுதியது, ஒற்று விடுபட்டது எல்லாம் ஒன்றாக வரும். ‘வட்ட’ என்று தேடினால் வேண்டாத சில வரிகளும் வரும். பக்கத்து வரிகளைப் பார்த்தால் எது கல்வின் வட்டம் என்று தெரிந்துவிடும். 37 நிமிடம் 18 நொடிக்குப் போய்க் கேட்டால் சேரின் விளக்கம் முழுதாகக் கிடைக்கும். எழுத்தில் பிழை இருந்தும் வேலை முடிந்தது.

ஆங்கிலச் சொற்கள் கலந்து வரும்போது மாதிரி அவற்றை ஓரிடத்தில் தமிழ் எழுத்திலும் இன்னோரிடத்தில் ஆங்கில எழுத்திலும் எழுதும். இரண்டு வடிவத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். டியூட்டுகளையும் இதே தேடலுக்குள் கொண்டுவர விரும்பினால் ஒரு தடை வரும். இலங்கையில் பல டியூட்டுகள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டப்படுகின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேடலில் வரும்.

தவறான சொல்லைவிட ஆபத்தானது, சொல்லாததை எழுதிவிடுவது. சேர் கரும்பலகையில் படம் வரையும் மௌனத்திலும், மழை குரலை மூடும் இடத்திலும் Whisper சும்மா இருக்காது. பழக்கத்தால் எதையாவது எழுதும். ஒரே வரி ஐந்தாறு தடவை அடுத்தடுத்து வந்தால், அல்லது பாடத்தின் நடுவே காணொளி முடிவில் சொல்வதைப் போன்ற ‘நன்றி’ வந்தால், அங்கே உண்மையில் பேச்சே இல்லை என்று கொள்ளலாம். இலக்கணச் சுத்தமாக வரும் கற்பனை வரியைக் கண்ணால் பிடிக்க முடியாது. எனவே எண், வாய்பாடு, ‘இல்லை’, ‘அல்ல’ வரும் வசனம் எதையும் ஒலியைக் கேட்காமல் கொப்பியில் ஏற்றக்கூடாது.

கரும்பலகைப் படம் எந்தப் பதிவிலும் வராது. சேர் வரையத் தொடங்கும்போது போனில் ஓடும் நிமிடத்தைப் பார்த்து, கொப்பியில் படத்தின் ஓரத்தில் ‘37’ என்று குறித்துவிட்டால் போதும். கோப்புக்கும் ‘Recording 14’ என்று விடாமல் திகதியும் தலைப்பும் சேர்த்துப் பெயரிட்டால், படம், ஒலி, எழுத்து மூன்றும் அந்த ஒரு எண்ணால் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்.