டயப்பர் ஒன்றின் உண்மை விலை

டயப்பர் பாக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் விலையை வைத்து எது மலிவு என்று சொல்லிவிட முடியாது. ஒரு பாக்கெட்டில் 20 இருக்கும், இன்னொன்றில் 54, வேறொன்றில் 76. எனவே பாக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை அதிலுள்ள எண்ணிக்கையால் வகுத்து, ஒரு டயப்பருக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் முதல் படி. இந்தியாவில் பொட்டலப் பொருள்களின் மீது ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதிகள் இப்போது கூறுகின்றன. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அது இருக்கும். ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. டயப்பரை எம்.ஆர்.பி.க்கே வாங்குபவர்கள் குறைவு என்பதால், கையிலிருந்து போன தொகையைக் கொண்டுதான் வகுக்க வேண்டும்.

‘40 சதவீதத் தள்ளுபடி’ என்ற அறிவிப்பும் எம்.ஆர்.பி.யிலிருந்தே தொடங்குகிறது. எம்.ஆர்.பி. உயரமாக இருந்தால் தள்ளுபடியும் பெரிதாகத் தெரியும்; ஒரு டயப்பரின் விலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பழைய பில்லோடு ஒப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தைகளுக்கான டயப்பர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டால், வரிக்குறைப்பே கடைக்காரர் தந்த சலுகை போலத் தோன்றிவிடும்.

எட்டு மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை எட்டரைக் கிலோ, போடுவது எம் சைஸ் பேன்ட் வகை. விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும் வைத்துக்கொண்டவை. தெருமுனை மருந்துக்கடையில் 20 கொண்ட பாக்கெட் 260 ரூபாய். ஒன்று 13 ரூபாய். சூப்பர் மார்க்கெட்டில் 76 கொண்ட பாக்கெட் 836 ரூபாய். ஒன்று 11 ரூபாய். ஆன்லைனில் 100 கொண்ட பெட்டி 1,050 ரூபாய், மாதச் சந்தாவில் போட்டால் மேலும் 5 சதவீதம் குறைவு. அதாவது 997 ரூபாய் 50 காசு. ஒன்று ஏறக்குறைய 9 ரூபாய் 98 காசு. கணக்கு இத்தோடு முடிந்தால் சந்தாதான் சிறந்தது.

ஆனால் சந்தா விலை பெரும்பாலும் நிலையானதல்ல. சந்தாவில் உறுதியாக இருப்பது தள்ளுபடிச் சதவீதம். அது எந்த விலை மீது கழிக்கப்படுகிறது என்பது ஒவ்வொரு மாதமும் ஆர்டர் போகும் நாளின் விலையைப் பொறுத்தது. அடுத்த மாதம் அதே பெட்டி 1,200 ரூபாய் ஆகியிருந்தால், 5 சதவீதம் போக 1,140 ரூபாய். ஒன்று 11 ரூபாய் 40 காசு. சூப்பர் மார்க்கெட்டைவிட 40 காசு கூடுதல். இரண்டு மாதத்தையும் சேர்த்தால் 200 டயப்பருக்கு 2,137 ரூபாய் 50 காசு, சராசரி 10 ரூபாய் 69 காசு. முதல் மாதம் ஒரு ரூபாய்க்கு மேல் தெரிந்த லாபம் 31 காசாகச் சுருங்கிவிட்டது. ஆர்டர் கிளம்புவதற்கு முன் நினைவூட்டல் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வரும். அதைத் திறந்து அன்றைய விலையை வகுத்துப் பார்த்து, அதிகமாக இருந்தால் அந்த மாதத்தை மட்டும் தள்ளிப்போடுவது சந்தாவைச் சரியாகப் பயன்படுத்தும் வழி. டெலிவரிக் கட்டணம் இருந்தால் அதையும் விலையோடு கூட்ட வேண்டும். டயப்பரோடு இலவசமாக வரும் ஈரத் துடைப்பான் எப்படியும் வாங்கவிருந்த பொருளாக இருந்தால் மட்டுமே அதன் விலையைக் கழிக்கலாம்.

இனி வகுக்கும் எண். வாங்கிய டயப்பர் எல்லாம் பயன்படுகிறது என்பது உறுதியில்லை. மேற்சொன்ன 200 டயப்பரில் 40 மிச்சமிருக்கும்போதே குழந்தை எல் சைஸுக்குப் போய்விட்டால், 2,137 ரூபாய் 50 காசை 160-ஆல்தான் வகுக்க வேண்டும். ஒன்று 13 ரூபாய் 36 காசு. மருந்துக்கடையில் இருபது இருபதாக வாங்கியிருந்தால்கூட 13 ரூபாய்தான்.

இப்படி மிஞ்சுமா என்பது ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நாள் முழுதும் டயப்பர் போட்டு ஐந்து முறை மாற்றும் வீட்டில் 200 டயப்பர் 40 நாளில் தீர்ந்துவிடும். அந்த வயதில் அதற்குள் எடை அரைக்கிலோவுக்கு மேல் ஏறுவது அரிது, மிஞ்சாது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் பகலில் துணி, இரவுக்கும் வெளியே போகும்போதும் மட்டும் டயப்பர். இரண்டு நாளுக்கு மூன்று என்ற அந்தக் கணக்கில் 200 டயப்பர் நான்கு மாதத்துக்கு மேல் வரும். அதற்குள் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடி, தொடை பருத்த குழந்தைக்கு எம் சைஸ் இறுகத் தொடங்கும். இத்தகைய வீட்டுக்கு மாதச் சந்தா பொருந்தாது; நடுத்தர பாக்கெட்டே போதும். பிறந்த குழந்தைக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. பிறந்தபோதிருந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிப்பாகும் பருவம் அது. சிறிய சைஸைக் குவித்து வைத்தால் வீணாகும்.

சைஸ் மாறும்போது விலையும் மாறும். ஏறக்குறைய ஒரே விலையுள்ள பாக்கெட்டில் எம் சைஸைவிட எல் சைஸில் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். எம் சைஸ் 7 முதல் 12 கிலோ, எல் சைஸ் 9 முதல் 14 கிலோ என்று பாக்கெட்டில் போட்டிருப்பது வழக்கம். இரண்டும் பொருந்தும் 9 கிலோவுக்கு மேல், அவசரப்பட்டு எல் வாங்குவது ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகக் கொடுப்பதாகும். ஆனால் இடுப்பிலோ தொடையிலோ சிவந்த தடம் பதிந்தாலும், முழுதாக நனைவதற்கு முன்பே ஓரத்தில் ஒழுகினாலும் சைஸ் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று வேறுபடும் என்பதால் எழுத்தைவிடக் கிலோவைப் பார்ப்பதே சரி.

பிராண்டுகளை ஒப்பிடும்போது பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. பாம்பர்ஸ், ஹக்கீஸ், மேமிபோகோ ஆகிய ஒவ்வொன்றிலும் சாதாரண வகையும் உயர்ந்த வகையும் உண்டு. இவற்றுக்கிடையிலான விலை வித்தியாசம் சில வேளை இரு பிராண்டுகளுக்கு இடையிலானதைவிடப் பெரிது. இங்கே ஒன்றின் விலையைக் காட்டிலும் ஒரு நாளின் செலவே நல்ல அளவுகோல். 9 ரூபாய் டயப்பர் இரவில் தாங்காமல் இரண்டு தேவைப்பட்டால், பகல் நான்கோடு சேர்த்து ஆறு. நாளுக்கு 54 ரூபாய். 11 ரூபாய் டயப்பர் இரவு ஒன்றே போதுமானால் ஐந்து. நாளுக்கு 55 ரூபாய். ஒன்றுக்கு இரண்டு ரூபாய் இருந்த வித்தியாசம் நாள் கணக்கில் ஒரு ரூபாயாகிவிட்டது, நனைந்த விரிப்பைத் துவைக்கும் வேலை தனி. பகலில் நான்குக்கு 9 ரூபாய் வகையும் இரவு ஒன்றுக்கு 11 ரூபாய் வகையும் போட்டால் 47 ரூபாய். மாதத்துக்கு 200 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

இந்த மிச்சத்தைப் பகலில் மாற்றும் எண்ணிக்கையைக் குறைத்துத் தேடக் கூடாது. மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரம் நெடுநேரம் படிந்திருந்தால் தோல் சிவந்து புண்ணாகும். எந்த வகை எத்தனை முறை தேவைப்படுகிறது என்பதை ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய பாக்கெட் வாங்கி, ஒரு வாரம் நாள்காட்டியில் குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய பெட்டிக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு.