ஈரலைச் சுட்டால்தான் கோஷர்

யூத வீட்டுச் சமையலறையில் கறி நேராகக் குழம்புக்குப் போகாது. முதலில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறும். பிறகு எல்லாப் பக்கமும் கல்லுப்பைத் தூவி, சாய்த்து வைத்த பலகையில் ஒரு மணி நேரம் கிடத்துவார்கள். சிவந்த நீர் வழிந்து இறங்கும். மூன்று முறை அலசிய பிறகே அடுப்பு.

ரத்தத்தில்தான் உயிர் இருக்கிறது, அதை உண்ணாதே என்று தோராவின் லேவியராகமம் காரணமே சொல்லிவிடுகிறது. பன்றிக்கும், பாலும் இறைச்சியும் சேராததற்கும் அங்கே இப்படி வெளிப்படையான விளக்கம் இல்லை. 12-ஆம் நூற்றாண்டு மருத்துவர் மைமோனிடிஸ் பன்றியை விலக்கியதற்கு அதன் அசுத்தத்தைக் காரணம் காட்டினார். கட்டளை என்பதே போதும் என்பவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பதிலே நேர்மையாகப் படுகிறது.

ஈரலுக்கு உப்பு போதாது, அவ்வளவு ரத்தம் அதில். அதனால் கீறி, லேசாக உப்பிட்டு, ரத்தம் சொட்டி விழும்படி நெருப்பில் சுட வேண்டும். சுடாமல் சட்டியில் வேகவைத்துவிட்டால் ஈரலும் ஆகாது, அந்தச் சட்டியும் ஆகாது.

ஹலாலிலும் ரத்தம் விலக்குதான். ஆனால் குர்ஆன் தடுப்பது வழிந்தோடும் ரத்தத்தை. இறைவன் பெயர் சொல்லிக் கழுத்தை அறுத்து ரத்தம் வடிந்துவிட்டால் போதும், சதையில் தங்கியது குற்றமில்லை. ஈரல் அப்படியே சட்டிக்குப் போகலாம், தயிரோடும் வேகலாம்.