நூல் பில்லில் பிழை கண்டால்

ஆலையிலிருந்து நூல் வந்தவுடன், நமது ஆர்டர், ஆலையின் பில், கிடங்கின் எடைச் சீட்டு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சங்கக் கணக்கரின் கடமையாகும். கூட்டுத்தொகை சரியாயிருப்பதை மட்டும் கண்டு திருப்தியடைதல் கூடாது. ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம்.

தமிழ்நாட்டிலுள்ள ஒரு நெசவாளர் சங்கம், கோயம்புத்தூர் ஆலை ஒன்றுக்குக் கிலோ ரூ. 300 வீதம் 500 கிலோ பருத்தி நூலுக்கு ஆர்டர் அனுப்பியது எனக் கொள்வோம். பில்லும் 500 கிலோவுக்கே வந்தது. விலை ரூ. 1,50,000, 5 சதவீத வரி ரூ. 7,500. ஆனால் எடையில் நின்றது 480 கிலோ. மேலும் பில்லிலுள்ள ஜி.எஸ்.டி. பதிவெண் 32 என்று தொடங்குகிறது. அது கேரளத்தின் எண். தமிழ்நாட்டின் எண் 33. ஆலையார் வேறொரு வாடிக்கையாளரின் பதிவெண்ணை எழுதிவிட்டனர். அதனால் மத்திய வரி, மாநில வரி என்று பாதி பாதியாக வரவேண்டியது, வெளிமாநிலங்களுக்குரிய ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே தொகையாக வந்துள்ளது. மொத்தத் தொகை மாறாமையால் இப்பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை.

இதனால் நேரும் நஷ்டம் யாது? வாராத 20 கிலோவுக்கு வரியுடன் ரூ. 6,300 கூடுதலாகச் செல்கிறது. வந்த நூலுக்குச் செலுத்திய வரி ரூ. 7,200-ம் வரித்துறையின் இணையதளத்தில் நமது பதிவெண்ணின்கீழ் வாராது. ஆகவே அதனை நமது விற்பனை வரியில் கழித்துக்கொள்ள இயலாது. ஆக நஷ்டம் ரூ. 13,500.

பில்லில் பேனாவால் திருத்துவது பயன் தராது. ஆலையின் கணக்கிலேயே திருத்தம் நிகழ வேண்டும். சரக்கைப் பெறும்போதே லாரி ரசீதில் “20 கிலோ குறைவு” என்றெழுதி ஓட்டுநரின் கையொப்பம் பெறுக. அன்றே ஆலைக்கு இவ்வாறு எழுதலாம்:

“எங்கள் ... எண், ... தேதி ஆர்டரின்படி அனுப்பிய சரக்குக்கான தங்கள் ... எண் பில்லைப் பார்வையிட்டோம். ஆர்டர் 500 கிலோ. பில் 500 கிலோ. பெற்றது 480 கிலோ. ஆர்டரில் கண்ட எங்கள் பதிவெண்ணுக்குப் பதிலாக வேறு எண் பில்லில் உள்ளது. ஆகவே அப்பில் முழுமைக்கும் கிரெடிட் நோட் அளித்து, எங்கள் பதிவெண்ணில், மத்திய, மாநில வரிகளைப் பிரித்துக் காட்டி, 480 கிலோவுக்கு ரூ. 1,51,200-க்குப் புதிய பில் அனுப்பக் கோருகிறோம். அது கிடைத்ததும் பணம் அனுப்பப்படும். எடைச் சீட்டும் லாரி ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன.”

எடை மட்டும் குறைந்து பதிவெண் சரியாயிருப்பின், 20 கிலோவுக்கு மட்டும் கிரெடிட் நோட் கேட்டாற் போதும். எவ்வாறாயினும், நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆலையார் ஆண்டுக் கணக்கை அதற்கு முன்னரே தாக்கல் செய்வராயின் அதற்குள், கிரெடிட் நோட்டை அவர்கள் தமது கணக்கில் காட்டியாக வேண்டும். பின்னர் அவர்கள் இசைந்தாலும் வரியைக் குறைக்க வழியில்லை. ஆதலின் புதிய பில் இணையதளத்தில் நமது பதிவெண்ணின்கீழ் தோன்றும்வரை அக்கோப்பை முடிக்காதிருப்பதே முறையாகும்.