பேடாவும் சதவீதமும்

தேர்ச்சி பெற்ற பிள்ளையின் வீட்டார் அக்கம்பக்கத்தாருக்குப் பேடா வழங்குவது மகாராட்டிரத்தின் வழக்கம். உல்லாஸ்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன. சிந்தி வீட்டாரும் மராத்தி வீட்டாரும் பேடாவை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வர். உடனே ஒரு கேள்வியும் எழும்: "கிதீ டக்கே?" எத்தனை சதவீதம் என்பது அதன் பொருள். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆயினும் விடை கூறிய மறுகணமே, அவ்வீட்டில் நிற்கும் மற்றொரு பிள்ளையின் பக்கம் எல்லாருடைய பார்வையும் திரும்பிவிடுகிறது.

மாணவர்களே, இந்தச் சதவீதம் உங்கள் மதிப்பெண் சான்றிதழில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பாடவாரியாகவே மதிப்பெண் தருகிறது. மொத்தச் சதவீதத்தைக் கணக்கிடுவதில்லை. ஐந்துக்கும் மேற்பட்ட பாடங்கள் எழுதியவருக்கு எந்த ஐந்தைக் கொள்வது என்பதை, அவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்வி நிறுவனமே முடிவு செய்யும்.

ஒரு மாணவி ஐந்து முதன்மைப் பாடங்களில் 78, 64, 81, 59, 73 மதிப்பெண்களும், ஆறாவது பாடமான தமிழில் 91 மதிப்பெண்ணும் பெற்றதாகக் கொள்வோம். முதல் ஐந்தை மட்டும் கூட்டினால் 71 சதவீதம். ஆறையும் சேர்த்தால் 74.3. மிகக் குறைந்த 59ஐ நீக்கிவிட்டுச் சிறந்த ஐந்தை எடுத்தால் 77.4. மதிப்பெண் ஒன்றுதான், சதவீதமோ மூன்று! மாநில வாரியத்தில் பயிலும் எதிர்வீட்டு மாணவனின் பாடத்திட்டமும் வினாத்தாளும் வேறு. இந்நிலையில் இருவருடைய எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, அரிசியைப் படியாலும் எண்ணெயைத் தராசாலும் அளந்துவிட்டு எது மிகுதி என்று கேட்பதைப் போன்றது.

நான் தமிழ்நாட்டில் படித்த காலத்தில் முடிவு நாள் என்றாலே மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்பவைதாம் பேச்சு. முதலிடம் பெற்றவருக்குப் பெற்றோர் இனிப்பு ஊட்டும் படம் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் வரும். அதைக் காட்டியே பல வீடுகளில் பிள்ளைகள் கண்டிக்கப்பட்டனர். நானும் அவர்களுள் ஒருவன். 2017ஆம் ஆண்டு மே 12 அன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியானபோது, தமிழ்நாடு அரசு முதலிடப் பெயர்களை அறிவிக்கவில்லை. தரவரிசை முறை அவ்வாண்டோடு கைவிடப்பட்டது. மத்திய வாரியமும் தகுதிப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. மாணவரிடையே நலமற்ற போட்டி எழாதிருக்கவே இம்முடிவு என்று அது காரணம் கூறியது. வாரியங்கள் விட்டுவிட்ட பட்டியலை இப்போது குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுக்கள் தயாரிக்கின்றன என்பது வேறு செய்தி.

அப்படியாயின் வீட்டில் எவ்வாறு கொண்டாடுவது? மேற்கூறிய மாணவியின் வீட்டையே எண்ணிப் பாருங்கள். மேல்மாடியில் வசிக்கும் மராத்தி அண்ணன், அதே வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவன், ஒரு பாடத்தில் தவறிவிட்டான். பக்கத்து வீட்டுப் பெண் மாநில வாரியத்தில் எழுதியவள். அவளுடைய முடிவு இன்னும் வரவில்லை. மாணவியின் தாயார் முதலில் திருநெல்வேலியிலுள்ள பாட்டிக்குத் தொலைபேசியில் சொல்கிறார். அங்கே மதிப்பெண்ணையும் தயங்காமல் சொல்லலாம். பாட்டி அதை யாரோடும் ஒப்பிடப் போவதில்லை. (எல்லாப் பாட்டிகளும் அப்படியல்லர் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) குடியிருப்புக் குழுவில் மதிப்பெண் பட்டியலின் படத்தை அவர் இடவில்லை. மாலையில் அரைக் கிலோ பேடா வாங்கி, மகளையும் அழைத்துக்கொண்டு வீடுவீடாகச் செல்கிறார். "எங்கள் பெண் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். தமிழை விரும்பிப் படித்தாள்" என்பதோடு நிறுத்துகிறார். எத்தனை சதவீதம் என்று கேட்டால், "நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை அக்கா, அவளுக்கு மனநிறைவு" என்று சிரித்துக்கொண்டே கூறுகிறார். பொய்யில்லை, சான்றிதழிலும் அவ்வெண் இல்லையல்லவா?

மேல்மாடி வீட்டைத் தவிர்த்துவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. எல்லா வீட்டுக்கும் சென்ற பேடா ஒரு வீட்டுக்கு மட்டும் செல்லாவிட்டால், அவ்வீட்டின் துயரத்தை ஊரறியச் சுட்டியதாகிவிடும். ஆனால் அன்று மாலையே செல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து, உடன் யாருமின்றித் தாயார் மட்டும் செல்கிறார். அண்ணனின் மதிப்பெண்ணைப் பற்றியோ, "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்றோ அவர் பேசவில்லை. கேட்காத ஆறுதல் சில வேளைகளில் கேள்வியைவிடக் கடிது.

அவ்வண்ணனுக்கு வழி அடைந்துவிடவில்லை. துணைத்தேர்வு ஜூலை மாதத்தில் நடைபெறும். தவறிய ஒரு பாடத்தை மட்டும் எழுதினால் போதும். அதில் தேறினால் முழுத் தேர்ச்சியாகும். விண்ணப்பிக்கக் கிடைப்பவை சில நாள்களே. தாயார் எழுந்து வரும்போது அவன் வாசல்வரை வந்து, "காக்கூ, விண்ணப்பத்துக்கான கடைசி நாள் என்று?" என்று கேட்கிறான். மாணவி அன்றிரவே வாரியத்தின் இணையதளத்தில் நாளைப் பார்த்து, அவனுக்கு மட்டும் தனியே அனுப்புகிறாள்.