பிரசவம் முடிந்தும் கால் எடுத்து வைக்க முடியவில்லையா?

இரண்டாவது பிரசவம் முடிந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். குழந்தை கிட்டத்தட்ட 4 கிலோ, சுகப்பிரசவம். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறாள். அடிவயிற்றுக்கும் கீழே, நடு எலும்பில் சுரீரென்று ஒரு வலி எழுந்து கவட்டை வழியாக உள்தொடைக்கு இறங்குகிறது. கால் நகர மறுக்கிறது. "பச்ச ஒடம்பு, தையல் வலிதான். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்கிறார் அம்மா. தையல் வலியாக இருந்தால் உட்காரும்போதுதான் அதிகம் படுத்தும். இவளுக்கோ படுக்கையில் புரண்டு படுப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

இடுப்பின் இரண்டு பக்க எலும்புகளும் முன்னால் சந்திக்கும் இடத்தில் ஒரு குறுத்தெலும்பு மூட்டு இருக்கிறது. சிம்பிசிஸ் பியூபிஸ் என்று பெயர். சாதாரண நாளில் அதன் இடைவெளி 4, 5 மில்லிமீட்டர்தான். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் தசைநார்களைத் தளர்த்துவதால் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடும். குழந்தை வெளியே வர அது தேவைதான். பிரசவத்தில் 10 மில்லிமீட்டரைத் தாண்டி விலகி, வலியும் இருந்தால் அதை மூட்டுப் பிளவு என்கிறார்கள். குழந்தை பெரிதாக இருப்பது, கடைசிக் கட்டம் மிக வேகமாக முடிவது, ஆயுதம் போட்டு எடுப்பது, தொடைகளை அளவுக்கு மீறி விரித்துப் பிடிப்பது எல்லாம் இதற்கு வழிவிடும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்லும் பெண்களும் உண்டு.

அந்தப் பெண்ணிடம் மருத்துவர் செய்யும் சோதனை மிக எளிமையானது. மல்லாந்து படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலைக் கொஞ்சம் தூக்கச் சொல்கிறார். முடியவில்லை. பிறகு இரண்டு கைகளாலும் அவளுடைய இடுப்பைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபடி தூக்கச் சொல்கிறார். இப்போது கால் எழும்புகிறது. நரம்போ தசையோ செத்துப்போகவில்லை, பிடிமானம்தான் விட்டுப்போயிருக்கிறது என்பது அப்போதே விளங்கிவிடும். எக்ஸ்ரேயில் இடைவெளி 18 மில்லிமீட்டர் என்று வருகிறது.

மருத்துவமும் அந்தக் கைப்பிடியின் நீட்சிதான். இடுப்பு பெல்ட் ஒன்று போடுகிறார்கள். எங்கே போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். நம் வீடுகளில் பிரசவமானதும் பழைய சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டுவார்களே, அந்த இடத்தில் கட்டினால் இந்த மூட்டுக்குப் பிரயோஜனமே இல்லை. தொடையின் மேற்புறத்தில், பக்கவாட்டில் கையை வைத்தால் தட்டுப்படும் எலும்பு முனைகளைச் சுற்றி, கிட்டத்தட்ட பிட்டத்தின் நடுவில் பெல்ட் வர வேண்டும். சரியான இடத்தில் இருந்தால் போட்டவுடனேயே கால் தூக்குவது எளிதாகும். ஆகவில்லையென்றால் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மிச்சமெல்லாம் வீட்டில் நடக்கும் சிகிச்சை. புரளும்போது முட்டிகளைச் சேர்த்து வைத்து, உடம்பு மொத்தமாகத் திரும்ப வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை. பாவாடையை நின்றுகொண்டு ஒற்றைக் காலில் மாட்டக் கூடாது, உட்கார்ந்துதான் போட வேண்டும். சம்மணமும், குத்தவைத்து உட்காரும் கழிப்பறையும் மூட்டை விரிப்பவை என்பதால் சில வாரங்களுக்கு வேண்டாம். நடக்க வாக்கர், சின்னச் சின்ன அடிகள். வலிக்குப் பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றைத் தாய்ப்பால் கொடுக்கும்போதும் மருத்துவர் எழுதித் தருவது வழக்கம். அதே சமயம் முழுநேரமும் படுத்தே கிடப்பதும் ஆபத்து, காலில் ரத்தம் உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, எலும்பு வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போகச் சிரமப்பட்டாலோ உடனே காட்ட வேண்டும். காய்ச்சலோடு வரும் வலி மூட்டில் சீழ் பிடித்ததாலும் இருக்கலாம். அதற்கு பெல்ட் மருந்தாகாது.

பெரும்பாலான பெண்கள் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஓரளவு தேறிவிடுகிறார்கள், சிலருக்குச் சில மாதங்கள் பிடிக்கும். பிசியோதெரபிஸ்ட் வயிறு, பிட்டத் தசைகளுக்குப் படிப்படியாகப் பயிற்சி தருவார். பிளேட் வைத்துத் திருகும் அறுவை சிகிச்சை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. இடைவெளி சுமார் 4 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, பின்பக்க இடுப்பு மூட்டுகளும் பிசகியிருந்தாலோ, பெல்ட் போட்டும் பலன் இல்லாவிட்டாலோதான் அந்தப் பேச்சு வரும். எக்ஸ்ரேயில் தெரியும் மில்லிமீட்டரும் வலியின் கடுமையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எனவே எண்ணைப் பார்த்து மட்டும் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்த பிரசவத்தில் இது திரும்பலாம், ஆனால் அதற்காகவே சிசேரியன் கட்டாயமில்லை. முன்பு நடந்ததை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வலி தொடங்குவதற்கு முன்பே, வலிக்காமல் இரண்டு முட்டிகளையும் எவ்வளவு தூரம் விலக்க முடிகிறது என்று அளந்து குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லலாம். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போன பிறகு, கால்கள் அளவு மீறி விரிவது அவளுக்கே தெரியாது. அப்போது பிரசவம் பார்ப்பவர் அந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார், ஒருக்களித்துப் படுத்தபடி பிரசவிக்கவும் வைப்பார்.