'சார்ஜ் இல்லை' என்று சொன்ன இடத்தில் போன 17,000 ரூபாய்

அண்ணன் மகளுக்கு ஜெர்மனியில் முதுகலைப் படிக்க இடம் கிடைத்தது. விசாவுக்கு முன்பே ஒரு வேலை முடிந்தாக வேண்டும். அங்கே அவள் பெயரில் முடக்கக் கணக்கு ஒன்று திறந்து, ஓராண்டுச் செலவுக்கான பணத்தை மொத்தமாகப் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 11,904 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. போய்ச் சேர்ந்த பிறகு மாதாமாதம் அதிலிருந்து 992 யூரோ எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டு வந்தார். "ஒரு இடத்துல அனுப்புற சார்ஜே கிடையாதாம்டா. இன்னொரு இடத்துல ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாம், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. வேறயாம். சார்ஜ் இல்லாத இடத்துலயே அனுப்பிடலாம்."

"யூரோ என்ன விலைன்னு கேட்டீங்களா அண்ணே?"

"அது அன்னன்னைக்கு மார்க்கெட் விலைதானே?"

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் பணத்தை விடுகின்றன. யூரோவை நமக்கு விற்பவர் வைக்கும் விலை வேறு, சந்தையில் ஓடும் விலை வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கட்டணம் என்று யாரும் ரசீதில் எழுதுவதில்லை. ஆனால் பல நேரங்களில் அதுதான் இருப்பதிலேயே பெரிய கட்டணம்.

நடு விலை என்பது என்ன?

வங்கிகள் தங்களுக்குள் பெரிய அளவில் யூரோவையும் டாலரையும் வாங்கி விற்கின்றன. வாங்கக் கேட்கும் விலை ஒன்று, விற்கக் கேட்கும் விலை ஒன்று என்று எந்த நொடியிலும் இரண்டு விலைகள் இருக்கும். அவற்றின் சரிபாதிப் புள்ளிதான் நடுச் சந்தை விலை. கூகுளில் '1 EUR to INR' என்று தேடினால் வருவது ஏறக்குறைய அந்த விலைதான். இந்தியாவில் எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு ஒவ்வொரு வேலை நாளும் டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றுக்கு ஒரு குறிப்பு விலையை வெளியிடுகிறது. 2018 ஜூலை வரை ரிசர்வ் வங்கியே நேரடியாக வெளியிட்டு வந்த விலை இது.

நடு விலைக்கே நமக்கு யாரும் யூரோ தர மாட்டார்கள். விற்பவருக்கும் லாபம் வேண்டும், அதில் தவறில்லை. நடு விலையை நாம் வாங்கும் விலையாக நினைக்கக் கூடாது, அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். எவர் சொல்லும் விலையையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்பது தெரிந்துவிடும்.

வங்கிகள் காலையில் வெளியிடும் விலைப்பட்டியலில் ஒரே நாணயத்துக்குப் பல பத்திகள் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு ஒரு விலை, நோட்டாக வாங்கினால் ஒரு விலை, பயண அட்டைக்கு ஒரு விலை. நாம் வெளியே அனுப்பும்போது பார்க்க வேண்டிய பத்தி `TT Selling`. பக்கத்தில் உள்ள `TT Buying` விலை குறைவாக இருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுக் கவுன்டரில் போய் ஏமாறுகிறவர்கள் உண்டு.

இரண்டு தாள்கள், ஒரே கணக்கு

அண்ணனை உட்காரவைத்து இரண்டு இடங்களுக்கும் அடுத்தடுத்துப் போன் செய்தோம். பத்து நிமிடத்துக்குள் இரண்டு விலைகளும் கையில் இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன். ஒரே நாளில்கூட விலை ஏறி இறங்கும். காலையில் ஓர் இடத்திலும் மாலையில் இன்னோர் இடத்திலும் கேட்டால், சந்தை நகர்ந்ததையும் விற்பவரின் லாபத்தையும் குழப்பிக்கொள்வோம். சனி, ஞாயிறுகளில் ஒப்பிடுவதும் சரிவராது. சந்தை மூடியிருப்பதால் திரையில் தெரிவது வெள்ளிக்கிழமை விலை, நமக்குச் சொல்வதோ திங்கட்கிழமை ஏறினாலும் நஷ்டம் வராதபடி கூட்டி வைத்த விலை.

வாசகர்கள் எளிதாகப் பின்தொடர, நடு விலை யூரோவுக்குச் சரியாக 100 ரூபாய் என்று வைத்து அந்தக் கணக்கை இங்கே மாற்றி எழுதுகிறேன். 11,904 யூரோவின் நடு மதிப்பு அப்போது 11,90,400 ரூபாய்.

சார்ஜ் இல்லாத இடம் சொன்ன விலை 102 ரூபாய் 40 பைசா. அதன்படி 12,18,970 ரூபாய் ஆகிறது. நாணய மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. 1,029 ரூபாய். மொத்தம் 12,19,999. நடு மதிப்பைவிட 29,599 ரூபாய் அதிகம், அதாவது ஏறக்குறைய 2.5 சதவீதம்.

சார்ஜ் வாங்கும் இடம் சொன்ன விலை 100 ரூபாய் 80 பைசா. அதன்படி 11,99,923 ரூபாய். நாணய மாற்ற ஜி.எஸ்.டி. 1,026 ரூபாய். அனுப்பும் சார்ஜ் 1,500, அதற்கு 18 சதவீத வரி 270, ஆக 1,770. மொத்தம் 12,02,719. நடு மதிப்பைவிட 12,319 ரூபாய் அதிகம், ஏறக்குறைய 1 சதவீதம்.

அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1,770 ரூபாயை மிச்சப்படுத்தப் போய் 17,280 ரூபாயை விட்டிருப்போம். ஒன்றரை ரூபாய் சொச்ச வித்தியாசம் ஒரு யூரோவில் அற்பமாகத் தெரியும். பன்னிரண்டாயிரம் யூரோவால் பெருக்கும்போதுதான் அது பல்லைக் காட்டும்.

இந்தக் கணக்கில் ஜி.எஸ்.டி.யை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. மாற்றும் தொகையை வைத்துப் படிப்படியாகக் கணக்கிடும் வரி அது. குறைந்தது 45 ரூபாய், எவ்வளவு பெரிய தொகையானாலும் அதிகபட்சம் 10,800 ரூபாய். எங்கே அனுப்பினாலும் ஏறக்குறைய ஒன்றுதான் வரும். ஆகவே இடத்துக்கு இடம் மாறுவது விலையும் சார்ஜும்தான்.

டி.சி.எஸ். என்ற பெயரில் பிடிக்கும் வரியை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் அதைப் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு. பிடித்த பணம் உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்பவும் கிடைக்கும். எனவே அது செலவாகாது, சில மாதங்கள் முடங்கும் பணம். ஆனால் படிவத்தில் அனுப்பும் காரணத்தைக் கல்வி என்று சரியாகக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கல்விக்கு விகிதம் குறைவு, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் வாங்கிய கல்விக்கடன் என்றால் பிடித்தமே இல்லை. காரணம் மாறிப்போனால் 20 சதவீதம் வரை பிடித்துவிடுவார்கள்.

வழியில் குறையும் பணம்

விலையும் சார்ஜும் தெரிந்துவிட்டால் கணக்கு முடிந்ததா? இல்லை. அங்கே போய்ச் சேர்வது எவ்வளவு என்பது பாக்கி இருக்கிறது.

நம் ஊர் வங்கிக்கும் ஜெர்மனியில் உள்ள வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் இருக்கலாம். அப்போது ஸ்விஃப்ட் வழியில் பணம் இடையில் ஒன்றிரண்டு வங்கிகளைக் கடந்து போகும். அந்த இடை வங்கிகள் தங்கள் கூலியைப் போகிற பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். இதை யார் ஏற்பது என்பதை அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம் தீர்மானிக்கிறது. `SHA` என்று குறித்தால், இங்குள்ள வங்கியின் சார்ஜ் மட்டும் நம்முடையது, வழியில் ஆகும் செலவு அனுப்பும் தொகையிலிருந்து கழியும். `OUR` என்று குறித்தால் எல்லாச் செலவையும் நாமே இங்கே கட்டிவிடுகிறோம், தொகை குறையாமல் போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் யாரும் கேட்காமலே `SHA` என்று குறித்துவிடுகிறார்கள்.

வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணத்தில் 25 யூரோ குறைந்தால் சமாளித்துக்கொள்ளலாம். முடக்கக் கணக்கில் அப்படி முடியாது. 11,904 முழுதாகச் சேர்ந்தால்தான் விசாவுக்கான உறுதிச்சான்று வரும். 11,879 சேர்ந்தால் கணக்கு பாதியில் நிற்கும். அந்த 25 யூரோவை இரண்டாம் முறை அனுப்பிப் பாருங்கள். அதே விலையில் யூரோவுக்கு 2,520 ரூபாய், குறைந்தபட்ச ஜி.எஸ்.டி. 45 ரூபாய், அனுப்பும் சார்ஜ் மறுபடியும் 1,770. ஆக 4,335 ரூபாய். அதிலும் வழியில் இன்னொரு 25 யூரோவை எடுத்துக்கொண்டால் போய்ச் சேர்வது ஒன்றுமில்லை. கல்லூரிக் கட்டணத்திலும் இதே கதைதான். ஒரு பவுண்டு குறைந்தாலும் 'நிலுவை' என்று மாணவர் பெயரில் நிற்கும்.

அதனால் இப்படிச் சரியான தொகை சேர வேண்டிய இடத்துக்கு `OUR` என்று கேட்டு வாங்குங்கள். அதற்குக் கூடுதலாகக் கேட்கும் தொகையையும் மொத்தச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். `OUR` குறித்தும் சில நேரம் எதிர்முனை வங்கி தன் பங்கைப் பிடித்துவிடுகிறது. அதற்காகச் சில பத்து யூரோவைக் கூட்டி அனுப்புவது நல்லது. அண்ணன் அப்படித்தான் 50 யூரோ கூட்டி அனுப்பினார்.

கேட்டால் குறையும்

இந்தக் கணக்கைப் போட்டபின் அண்ணன் ஒரு காரியம் செய்தார். தன் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்குப் போய், "பட்டியல் விலை வேண்டாம், இந்தத் தொகைக்கு உங்கள் கருவூலப் பிரிவில் கேட்டு விலை சொல்லுங்கள்" என்றார். காலையில் ஒட்டும் பட்டியல் விலை சிறிய தொகைகளுக்கானது. நாள் முழுக்கச் சந்தை ஆடினாலும் நஷ்டம் வராதபடி லாபத்தைக் கூட்டி வைத்தது. பல லட்ச ரூபாய்க்கு அனுப்புகிறவர் கேட்டால், அந்த நேரத்துச் சந்தை விலையிலிருந்து கணக்கிட்டுக் குறைத்துத் தர வங்கிகளுக்கு வழி இருக்கிறது. கேட்காதவருக்குப் பட்டியல் விலைதான். கையில் இன்னோர் இடத்தின் விலை எழுதிய தாளோடு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

உலக நாடுகளில் பணம் அனுப்பும் செலவைக் கணக்கெடுக்கும் உலக வங்கியும், சார்ஜையும் நாணய விலை வித்தியாசத்தையும் கூட்டித்தான் மொத்தச் செலவு என்கிறது. வீட்டில் நாமும் அதையே செய்யலாம். டி.சி.எஸ். நீங்கலாக என் கணக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்? அங்கே எத்தனை யூரோ கட்டாயம் சேரும்? முதல் தொகையை இரண்டாவதால் வகுங்கள். வரும் விடைதான் நீங்கள் ஒரு யூரோவுக்கு உண்மையில் கொடுக்கும் விலை. அண்ணன் கணக்கில் அது ஓர் இடத்தில் 102 ரூபாய் 49 பைசா, இன்னோர் இடத்தில் 101 ரூபாய் 3 பைசா. சார்ஜ் உண்டா இல்லையா என்ற பேச்சே அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

அந்த விடையை அதே நிமிட நடு விலையோடு ஒப்பிடுங்கள். பெரிய தொகையில் வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருந்தால் அனுப்புங்கள். இரண்டைத் தாண்டினால், எத்தனை சலுகை சொன்னாலும் எழுந்து அடுத்த இடத்துக்குப் போங்கள்.